புத்தக அலுமாரித் தட்டுப் பின்: ஓட்டை கால் அங்குலமா, 5 மில்லிமீற்றரா?

"அண்ணா, நாங்க காரைதீவு. கனடாவில இருந்து சித்தப்பா அனுப்பின சாமானோட ஒரு புத்தக அலுமாரியும் வந்தது. தட்டைத் தாங்கிற பின் ஒண்டும் இல்ல. கல்முனையில 5 மில்லிமீற்றர் பின் வாங்கிப் போட்டேன், லொடலொடண்டு ஆடுது. 6 வாங்கினேன், அதுவும் கொஞ்சம் ஆடுது. பேப்பர் சுத்திப் போடலாமா, ஓட்டையைப் பெருசாக்கணுமா, இல்லாட்டி ஓட்டையெல்லாம் விட்டுட்டு இரும்புப் பட்டி அடிக்கிறது நல்லமா?"

தம்பி, உங்கள் அலுமாரியின் ஓட்டை பெரும்பாலும் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீற்றர். வட அமெரிக்காவில் செய்கிற புத்தக அலுமாரிகளில் அந்த அளவு இன்றைக்கும் பரவலாக இருக்கிறது. ஐரோப்பிய முறையில் செய்கிறவர்கள் 5 மில்லிமீற்றர் ஓட்டை போடுவார்கள், நம் கடைகளுக்கு வருகிற பொதி செய்த தளபாடங்களிலும் அதுதான் அதிகம். 5 ஆடுகிறது, 6 கொஞ்சமாக ஆடுகிறது என்று நீங்கள் சொன்னதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஆனாலும் பணத்தைச் செலவழிக்க முன்னர் ஒருதரம் அளந்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஓட்டையின் வாயில் ஸ்கேலை வைத்துப் பார்ப்பது அளவு ஆகாது. 6 மில்லிமீற்றருக்கும் கால் அங்குலத்துக்கும் வித்தியாசம் 0.35 மில்லிமீற்றர்தான், அது கண்ணுக்குப் பிடிபடாது. வேர்னியர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ட்றில் பிட்டே போதும். பிட்டின் வெட்டும் பக்கத்தை நுழைக்காமல், மெசினுக்குள் பூட்டுகிற வழுவழுப்பான அடிப்பக்கத்தை ஓட்டைக்குள் விட்டுப் பாருங்கள். 5, 6, கால் அங்குலம், 6.5 ஆகிய நாலையும் பக்கத்து ஓடாவியிடம் ஐந்து நிமிடத்துக்கு இரவல் வாங்கலாம். 6 உள்ளே போய் லேசாக ஆட, கால் அங்குலம் ஆட்டமில்லாமல் சறுக்கிப் போக, 6.5 வாயிலேயே நின்றால் சந்தேகமே வேண்டாம். ஒன்று கவனியுங்கள், பிட்டின் அடிப்பக்கம் சொன்ன அளவை விட ஒரு மயிரிழை மெலிவாகத்தான் இருக்கும், ஆகவே "இறுகப் போனால்தான் அதே அளவு" என்று நினைக்காதீர்கள்.

எந்த ஓட்டையில் சோதிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். முன்பு தட்டு இருந்த ஓட்டையைத் தொடாதீர்கள். பல வருடம் பாரம் சுமந்த ஓட்டை கீழ்ப்பக்கமாக நசுங்கி முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும், அதில் அளந்தால் உண்மையான அளவை விடப் பெரிதாகக் காட்டும். தட்டு ஒருநாளும் இருந்திருக்காத மேல்மூலை ஓட்டைகள் புதிதுபோல இருக்கும், அதில் பாருங்கள்.

இன்னொரு அடையாளமும் இருக்கிறது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடையிலான தூரத்தைப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் அது நடுவில் இருந்து நடுவுக்கு 32 மில்லிமீற்றர். அங்குலக் கணக்கில் செய்தவர்கள் ஒரு அங்குலம், ஒன்றேகால் அங்குலம், இரண்டு அங்குலம் என்று விட்டிருப்பார்கள். இதில் ஒன்றேகால்தான் ஏமாற்றும், ஏனென்றால் அது 31.75 மில்லிமீற்றர், ஒரு இடைவெளியை மட்டும் அளந்தால் 32 போலவே தெரியும். பத்து இடைவெளியைச் சேர்த்து அளந்துவிடுங்கள். 320 வந்தால் மில்லிமீற்றர்க் கணக்கு, 317 அரை வந்தால் அங்குலக் கணக்கு. இது ஓட்டையின் விட்டத்தை நேரடியாகச் சொல்லாது, ஆனால் செய்தவர் எந்தப் பிட்டைக் கையில் வைத்திருந்தார் என்பதைச் சொல்லும்.

சரி, அரை மில்லிமீற்றர், ஒரு மில்லிமீற்றர் ஆட்டத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நிறையப் பேர் கேட்பார்கள். பின் ஓட்டைக்குள் 10 மில்லிமீற்றர் போகிறது, வெளியே 12 மில்லிமீற்றர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் அங்குல ஓட்டையில் 5 மில்லிமீற்றர் பின்னைப் போட்டால் சுற்றிலும் சேர்த்து 1.35 மில்லிமீற்றர் வெற்றிடம். தட்டை வைத்த உடனே பின்னின் முன்முனை கீழே சாயும், உள்முனை மேலே எழும்பி ஓட்டையின் கூரையில் முட்டும். கணக்குப் போட்டால் முன்முனை ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேலே தாழ்கிறது. தட்டு இப்போது பின்னின் மேல் பரந்து இருக்காது, ஓட்டை வாயின் கீழ் உதட்டில் ஒரே ஒரு புள்ளியில் பாரம் முழுக்க இறங்கும். சிப்போர்ட் என்றால் அந்த உதடு கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியாகும், பொடியாகப் பொடியாகப் பின் இன்னும் சாயும். 6 மில்லிமீற்றர் பின்னில் இதே சாய்வு 0.4 மில்லிமீற்றர் அளவில் நின்றுவிடும். ஆகவே உங்கள் 6 மில்லிமீற்றர் பின் 5 ஐப் போல ஆபத்தானது இல்லை. அலங்காரப் பொருளும் போட்டோவும் வைக்கிற தட்டுக்கு அது போதும். பாடப் புத்தகத்துக்குப் போதாது.

பாரம் எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறேன். சாதாரணப் புத்தகங்களை நெருக்கமாக அடுக்கினால் ஒரு மீற்றர் நீளத்துக்கு 30 கிலோவுக்கு மேலே வரும். உங்கள் தட்டு முக்கால் மீற்றர் என்றால் ஏறத்தாழ 25 கிலோ, நாலு பின்னுக்கும் பிரித்தால் ஒன்றுக்கு ஆறு கிலோ சொச்சம். நல்ல பின்னுக்கு அது ஒரு பாரமே இல்லை. ஆனால் நாலில் ஒன்று கொஞ்சம் தாழ்ந்து நின்றால் தட்டு நொண்டி மேசை மாதிரி எதிரெதிர் மூலையில் இருக்கிற இரண்டு பின்னில்தான் குந்தும், மற்ற இரண்டும் சும்மா நிற்கும். அப்போது ஒரு பின்னுக்குப் பன்னிரண்டு கிலோ. அந்தப் பின்னும் ஆடுகிற பின் என்றால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்கு இரண்டு பழைய அலுமாரி திருத்திக் கொடுத்தேன். ஓட்டையை அளக்காமல், கையில் இருந்த 5 மில்லிமீற்றர் பின்களைப் பேப்பர் சுற்றி இறுக்கி விட்டுவிட்டேன். அன்றைக்கு அசையாமல் நின்றது. மாரி மழை தொடங்கி இரண்டு கிழமையில் மேல்தட்டு ஒரு பக்கம் இறங்கி, அதில் இருந்த அகராதிகள் கீழ்த்தட்டையும் இழுத்துக்கொண்டு விழுந்தன. இரவு நேரம், பிள்ளைகள் யாரும் இல்லை. போய்ப் பார்த்தேன், பேப்பர் ஈரத்தில் மெத்தென்று ஆகித் தட்டையாக நசுங்கிக் கிடந்தது, ஓட்டையின் கீழ் உதட்டில் மெலமைன் தோல் நகக்கண் அளவுக்குப் பெயர்ந்திருந்தது, அதற்கு நேர் கீழே தட்டில் மாவு மாதிரி மரத்தூள் ஒரு சின்னக் குவியல். அந்தத் தூள் ஒரே இரவில் விழுந்தது இல்லை. பல நாளாக விழுந்துகொண்டு இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. உங்கள் அலுமாரியில் பின்னுக்குக் கீழே இப்படித் தூள் கண்டால் அன்றைக்கே தட்டை இறக்கிவிடுங்கள்.

ஆகவே பேப்பர் வேண்டாம், தீக்குச்சி செருகுவதும் வேண்டாம். நம் பக்கத்து ஈரக்காற்றில் இரண்டும் நிற்காது. தற்காலிகமாக ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றால் 6 மில்லிமீற்றர் பின்னின் தண்டில் அலுமினியத் தாள் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, வெளியே நீட்டி நிற்பதைப் பிளேட்டால் வெட்டிப் போடலாம். ஒரு சுற்று விட்டத்தில் இரண்டு பக்கமும் கூட்டும், அதனால் இரண்டு சுற்றிலேயே கிட்டத்தட்ட நிரம்பிவிடும். சரியான பின் வரும் வரைக்கும் மட்டும் அது.

சரியான வழி கால் அங்குலப் பின் வாங்குவதுதான். சித்தப்பாவிடம் சொன்னால் அங்கே எந்த ஹாட்வெயார் கடையிலும் சிறு பையில் கிடைக்கும், கடிதத்துக்குள் வைத்து அனுப்புகிற பாரம்தான். இணையத்தில் தேடினால் `1/4 inch shelf pin` என்று போடுங்கள், வெறுமனே `shelf pin` என்று போட்டால் 5 மில்லிமீற்றர்தான் முதலில் வந்து நிற்கும். விவரத்தில் 6 mm என்று இருந்தால் வாங்காதீர்கள், சிலர் 6 ஐயும் கால் அங்குலத்தையும் ஒன்றென்று எழுதிவிடுகிறார்கள். இங்கே கடையில் தேடுவதானால் ஒரு துண்டுப் பலகையில் கால் அங்குலப் பிட்டால் ஒரு ஓட்டை போட்டு அதைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் அளவைச் சொல்லி விளங்கப்படுத்துவதை விட அந்தக் கட்டையில் பின்னை நுழைத்துப் பார்ப்பது சுலபம். பெருவிரலால் தள்ளினால் போக வேண்டும், கட்டையைக் கவிழ்த்தால் விழக்கூடாது, விரலாலேயே திரும்ப இழுக்க வர வேண்டும். சுத்தியலால் தட்டித்தான் இறங்குகிறது என்றால் அது பெரிய பின், அலுமாரிப் பலகையைப் பிளந்துவிடும்.

நீளத்தையும் பாருங்கள். ஓட்டைக்குள் ஒரு ஈர்க்கை விட்டு நகத்தால் அடையாளம் பிடித்து ஆழத்தை அளந்துகொள்ளுங்கள், 10 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் உள்ளே பழைய தூளோ உடைந்த பிளாஸ்டிக் துண்டோ அடைத்திருக்கக் கூடும். பின்னின் கழுத்து பலகையில் ஒட்டி உட்கார வேண்டும். தண்டு நீண்டு கழுத்து இரண்டு மில்லிமீற்றர் வெளியே நின்றால், சரியான விட்டமாக இருந்தும் பின் சாயத்தான் செய்யும்.

பின் வரும் வரை காத்திருக்க முடியாது, அல்லது கிடைக்கவே இல்லை என்றால் நீங்களே வெட்டலாம், நான் பலதரம் செய்திருக்கிறேன். கால் அங்குலப் பித்தளைக் கம்பி வாங்குங்கள். ஓடாவிமார் இதை இரண்டு நூல் என்பார்கள், ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இரும்புக் கம்பியும் பாரத்துக்குத் தாங்கும், ஆனால் காரைதீவு கடற்கரை ஊர், உப்புக்காற்றில் அது ஓட்டைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிவிடும், பிறகு கழற்றவே முடியாது. கால் அங்குலம் என்று விற்கிற கம்பி சிலவேளை 6 மில்லிமீற்றராக இருக்கும், அந்தத் துண்டுப் பலகையில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். உங்களுக்கு நாலு தட்டு என்றால் பதினாறு பின், ஒன்று 23 மில்லிமீற்றர், அறுக்கிற சேதாரத்தோடு அரை மீற்றர்க் கம்பி தாராளம். இரும்பு அறுக்கிற வாளால் வெட்டி இரண்டு முனையையும் அரத்தால் ராவிப் பிசிறை எடுங்கள், இல்லாவிட்டால் நுழையும்போதே பிசிறு ஓட்டையைப் பெரிதாக்கும். பத்து உள்ளே, பதின்மூன்று வெளியே.

வெறும் உருளைப் பின்னில் ஒரு குறை உண்டு, தட்டு முன்னுக்குச் சறுக்கி வரும். அதற்குத் தட்டின் அடிப்பக்கத்தில் நாலு பின்னும் படுகிற இடத்தில் பின்னின் பாதி தாழும் அளவுக்கு, அதாவது மூன்று மில்லிமீற்றர் ஆழத்துக்கு, வட்ட அரத்தால் ஒரு சின்ன வாய்க்கால் ராவிவிடுங்கள். தட்டைப் பின்னில் வைத்து, கீழே இருந்து பென்சிலால் பின்னின் இரண்டு பக்கமும் கோடு போட்டால் இடம் பிசகாது. பிறகு தட்டை வைக்கும்போது நாலும் "டக்" என்று உட்காரும். ராவிய இடத்தில் சிப்போர்ட் வெளியே தெரியும், கொஞ்சம் வார்னிஷ் தொட்டுவிடுங்கள், ஈரம் அங்கேதான் முதலில் ஏறும்.

ஓட்டையைப் பெரிதாக்குவதா என்ற கேள்விக்கு, நல்ல ஓட்டைகளைத் தொடாதீர்கள் என்பதுதான் என் பதில். நசுங்கிப்போன ஓட்டைகளுக்கு மட்டும் வேலை செய்யுங்கள். தட்டை ஒரு ஓட்டை மேலேயோ கீழேயோ நகர்த்த முடிந்தால் அதுவே முடிவு, நாலு மூலையையும் சேர்த்து நகர்த்தினால் சரி. முடியாவிட்டால் அந்த ஓட்டையை 8 மில்லிமீற்றருக்குத் துளைத்து, 8 மில்லிமீற்றர் மரக் குச்சியை ஒட்டுப்பசை பூசி இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, பலகையோடு மட்டமாக உளியால் சீவி, அதே இடத்தில் கால் அங்குலம் புதிதாகத் துளையுங்கள். இங்கே இரண்டு இடத்தில் தவறும். ஒன்று ஆழம், பலகை 18 மில்லிமீற்றர்தான் இருக்கும், பிட்டின் நுனியில் இருந்து 12 மில்லிமீற்றரில் டேப் ஒட்டி அதோடு நிறுத்தாவிட்டால் மறுபக்கம் வந்துவிடும். மற்றது உயரம், புதிய ஓட்டை பழைய மூன்றோடு ஒரே மட்டத்தில் வராவிட்டால் மேலே சொன்ன நொண்டி மேசைக் கதைதான். ஒரு நீளத் துண்டுப் பலகையை அலுமாரியின் அடித்தட்டில் நிறுத்தி, நல்லாக இருக்கிற ஓட்டையின் நடுவை அதில் குறித்து, அதே பலகையை மற்றப் பக்கத்தில் நிறுத்திக் குறித்தால் ஸ்கேல் பிழை வராது. நுனியில் ஊசி உள்ள மரம் துளைக்கிற பிட்டைப் பாவியுங்கள், சாதாரண இரும்புப் பிட் மெலமைன் மேல் வழுக்கி ஓடும்.

இனி இரும்புப் பட்டி. முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு என்று நாலு பட்டி, அதில் வரிசையாகப் பிளவுகள், பிளவில் மாட்டுகிற கொக்கிகள். பொதுவாக அரை அங்குலத்துக்கு ஒரு பிளவு இருக்கும், அதனால் தட்டின் உயரத்தைப் பின்னை விட நுணுக்கமாக மாற்றலாம். பலகையில் பாரம் ஸ்குறூக்களுக்குப் பிரிந்து இறங்குவதால் ஓட்டை நசுங்குகிற பேச்சே இல்லை. ஆனால் உங்கள் அலுமாரிக்கு இது முதல் தெரிவு இல்லை. பட்டி பலகைக்கு மேலே கிட்டத்தட்ட 5 மில்லிமீற்றர் தடித்து நிற்கும், இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து. பலகையில் வாய்க்கால் வெட்டிப் பட்டியை உள்ளே இறக்க வேண்டும், அல்லது தட்டுக்கள் எல்லாவற்றையும் அந்தளவு குறுக்க வேண்டும், அல்லது தட்டின் நாலு மூலையிலும் பட்டிக்கு இடம் விட்டு வெட்ட வேண்டும். நல்ல ஓட்டை உள்ள அலுமாரியில் அவ்வளவு வேலையும் வீண். பல ஓட்டைகள் ஒன்றாகவே பொடியாகிப் போன அலுமாரி என்றால் அப்போது பட்டிதான் சரி.

அப்படி அடிப்பதானால் நாலு பட்டியும் ஒரே தலைப்பக்கம் மேலே இருக்க வேண்டும். பல பட்டிகளில் பிளவுக்குப் பக்கத்தில் இலக்கம் அடித்திருக்கும், நாலிலும் இலக்கம் நேராக வாசிக்க வருகிறதா என்று பார்த்தால் போதும். நீளம் குறைக்க வேண்டுமென்றால் நாலையும் ஒரே முனையில் இருந்து ஒரே அளவு வெட்டுங்கள், ஒன்றை மட்டும் மறுமுனையில் வெட்டினால் பிளவுகள் ஒருநாளும் மட்டத்துக்கு வராது. ஸ்குறூ பலகையின் தடிப்பை விடக் குட்டையாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, அளவு எல்லாம் சரியாக இருந்தும் தட்டு விழுகிற அலுமாரிகள் உண்டு. தட்டின் நுனிக்கும் பக்கப் பலகைக்கும் இடையில் ஒரு பக்கத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேலே இடைவெளி இருக்கக்கூடாது. கப்பலில் வந்த அலுமாரியில் பின்பலகை ஆணி கழன்று பக்கப் பலகைகள் நடுவில் வெளியே வளைந்திருந்தால், தட்டு பின்னின் நுனியில்தான் தொங்கும். அலுமாரியின் உள் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். நடுவில் நாலைந்து மில்லிமீற்றர் கூட இருந்தால் பின்பலகையைத் திரும்ப அடித்து, ஒரு நடுத்தட்டைப் பக்கப் பலகையோடு ஸ்குறூ போட்டு நிரந்தரமாக்கிவிட்டுத்தான் மற்றத் தட்டுகளுக்குப் பின் போட வேண்டும். பின் வாங்கும்போது நாலு கூடுதலாக வாங்கி, சிறு பையில் போட்டு, "கால் அங்குலம்" என்று எழுதி அலுமாரியின் முதுகில் டேப்பால் ஒட்டி வையுங்கள், அடுத்தமுறை வீடு மாறும்போது தேவைப்படும்.